214 பேரா, 171 பேரா? நன்கொடையாளருக்கு எந்த எண்ணை எழுதுவது

ஆண்டு முடிவில் முன்னேற்ற அறிக்கை எழுத உட்காரும்போது, சிறிய தொண்டு அமைப்புகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். மேசையில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், பக்கத்தில் நாலைந்து எக்செல் ஷீட்டுகள் திறந்திருக்கும். பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர், "எண்ணிக்கை ஏற்கெனவே போட்டாச்சுங்க, 214" என்பார். திட்ட முன்மொழிவில் 200 பேருக்குப் பயிற்சி என்று எழுதிக் கொடுத்திருப்போம். 214 என்றதும் எல்லோருக்கும் நிம்மதி.

என் வேலை பெரும்பாலும் அந்த நிம்மதியைக் கெடுப்பதுதான். 214 என்பது பதிவேட்டில் உள்ள வரிகளின் எண்ணிக்கை. ஆட்களின் எண்ணிக்கை வேறு. அதை எழுதுவதா, இதை எழுதுவதா? பலனைச் சொல்லும்போது எத்தனை பேரில் எத்தனை பேர் என்று சொல்வது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் என்னென்ன வழிகள் உண்டு, எது எங்கே பொருந்தும் என்பதை ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தை வைத்துப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்தவை. சிக்கல்கள் அப்படியல்ல, நான் திறந்து பார்த்த பெரும்பாலான பதிவேடுகளில் இருப்பவை.

வரியை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா

பதிவேட்டில் 214 வரிகள். அடிப்படைப் பயிற்சி முடித்து, அதே ஆண்டில் மேல்நிலைப் பயிற்சியிலும் சேர்ந்தவர்கள் 31 பேர். பாதியில் நின்றுவிட்டு அடுத்த பேட்சில் மறுபடி சேர்ந்தவர்கள் 12 பேர். இந்த 43 பேரும் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறார்கள். கழித்தால் 171 பேர்.

முதல் வழி, 214 என்றே எழுதுவது. இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 214 இடங்களில் பயிற்சி நடந்தது உண்மை. ஆசிரியர் நேரம், கருவிகள், பொருட்கள் எல்லாம் 214 தடவை செலவாயின. ஆனால் அதை "பயிற்சி இடங்கள்" என்று எழுத வேண்டும். "214 பேர்" என்று எழுதினால்தான் தவறு. மருத்துவ முகாம், உணவு வழங்கல் போன்ற திட்டங்களில் வரியை எண்ணுவதே சரி. ஒருவர் பத்து நாள் சாப்பிட்டால் அது பத்து சாப்பாடு, அந்தத் திட்டம் கொடுப்பதே அதைத்தான். ஒருவரின் நிலையை மாற்றுவதாகச் சொல்லும் திட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஒருவர் இரண்டு தடவை பயிற்சி எடுத்தாலும் அவருக்குக் கிடைக்கப்போவது ஒரு வேலைதான்.

இரண்டாவது வழி, 171 என்று ஆட்களை எழுதுவது. மூன்றாவது வழியும் உண்டு: உண்மையில் பங்கெடுத்தவர்களை மட்டும் எழுதுவது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் இந்த 171 பேரில் 23 பேர் இரண்டு நாளோ அதற்கும் குறைவாகவோதான் வந்திருக்கிறார்கள். பெயரைக் கொடுத்து, ஒரு நாள் வந்து பார்த்து, பிடிக்காமல் போனவர்கள். அவர்களைப் "பயிற்சி பெற்றவர்" என்பது சற்று கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர்களை விட்டால் 148.

எனக்கு மூன்றாவது வழி பிடிக்கும், ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. எத்தனை நாள் வந்தால் பங்கெடுத்ததாகக் கொள்வது என்ற எல்லையை ஆண்டு முடிந்த பிறகு வைத்தால், எண் நமக்கு வசதியாக வரும் இடத்தில் கை தானாகவே போய் நிற்கும். எல்லையை முதல் பேட்ச் தொடங்குமுன் எழுதி வைத்திருந்தால் 148ஐப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் 171ஐத் தலைப்பு எண்ணாகக் கொடுத்து, 23 பேர் ஆரம்பத்திலேயே நின்றதைக் கீழே ஒரு வரியில் சொல்வது மேல்.

171ஐக் கண்டுபிடிப்பது எப்படி

இதுதான் நேரம் தின்னும் இடம். பதிவேட்டில் அடையாள எண் இல்லை, பெயர் மட்டும்தான் என்றால் எல்லோரும் முதலில் செய்வது, பெயர்ப் பத்தியில் எத்தனை வெவ்வேறு பெயர்கள் என்று எண்ணுவது. எந்தப் பழைய எக்செலிலும் இது வேலை செய்யும்:

```
=SUMPRODUCT(1/COUNTIF(B2:B215,B2:B215))
```

நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் `#DIV/0!` என்று வந்து நிற்கும். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாகத் தட்டியிருந்தால் அதைத் தனி ஆளாக எண்ணிவிடும், அதனால் முதலில் `TRIM` போட்டுச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இது 180 என்று காட்டுகிறது.

180 சரியான விடை இல்லை. இரண்டு விதமான தவறுகள் இதற்குள் எதிரெதிராக இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்று எழுத்து வேறுபாடு. லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி மூன்றும் ஒருவராகவே இருக்கலாம். இனிஷியல் ஒரு பேட்சில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் காணவே காணோம். இப்படி 13 பெயர்கள் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தன. மற்றது, ஒரே பெயரில் உண்மையிலேயே வேறு வேறு ஆட்கள். இப்படி 4 பேர் விழுங்கப்பட்டிருந்தார்கள். 180இல் 13ஐக் கழித்து 4ஐக் கூட்டினால் 171.

இதைப் பிரித்தெடுக்கப் பெயரோடு இன்னும் இரண்டு விவரங்கள் வேண்டும். தொலைபேசி எண்ணும் பிறந்த ஆண்டும் போதும். தொலைபேசி எண் ஒன்றாக இருப்பதை மட்டும் நம்பக்கூடாது, அக்காவும் தங்கையும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். ஷீட்டை எண் வரிசையில் அடுக்கி, ஒரே எண் உள்ள வரிகளில் பெயரும் ஆண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்து பெயர் வரிசையில் அடுக்கி, ஒரே பெயரில் எண்ணும் ஆண்டும் வேறாக இருப்பவர்களைத் தேட வேண்டும். 214 வரிகளுக்கு இது ஒரு பகல் வேலை. சந்தேகம் தீராத ஜோடிகளைப் பயிற்சி ஆசிரியரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். "அய்யோ, அது ரெண்டும் வேற வேற ஆளுங்க, ஒருத்தர் காலையில வருவாங்க, ஒருத்தர் சாயங்காலம்."

வேலை முடிந்ததும் ஆளுக்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு ஷீட்டும் இரண்டாகப் பிரியும். ஆளுக்கு ஒரு வரியாக 171 வரிகள் ஒன்றில், சேர்க்கைக்கு ஒரு வரியாக 214 வரிகள் மற்றொன்றில், இரண்டிலும் அதே அடையாள எண். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் வைத்துக்கொள்வது தொடக்கத்தில் சுலபம்தான். ஆனால் ஒருவர் இரண்டாம் தடவை சேரும் நாளிலேயே அது உடைந்துவிடும். 50 பேருக்குள் அடங்கும், யாரும் திரும்பி வராத திட்டம் என்றால் மட்டும் ஒரே ஷீட் போதும்.

200 என்று சொல்லிவிட்டோமே

171 என்று எழுதினால் இலக்கை எட்டவில்லை என்று ஆகிவிடும். இங்கேதான் 214 மறுபடி கண்ணைச் சிமிட்டும்.

ஒரு தடவை நன்கொடை தந்த அமைப்பிலிருந்து ஒருவர் நேரில் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். அறிக்கையோடு அனுப்பிய பட்டியலில் 20 பெயர்களைத் தொட்டுக் காட்டி, இவர்களுடைய சேர்க்கைப் படிவங்களைப் பார்க்கலாமா என்றார். 17 படிவங்கள்தான் வந்தன. மீதி மூன்று பேர் அதே பட்டியலில் இரண்டாம் தடவை எழுதப்பட்டவர்கள், ஆளுக்கு ஒரு படிவம்தான் இருந்தது. விளக்கம் சொன்னோம், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அறிக்கையில் இருந்த ஒவ்வோர் எண்ணுக்கும் அவர் ஆதாரம் கேட்டார், அன்று மாலை வரைக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆண்டு 214 என்று எழுதி, அடுத்த ஆண்டு பதிவேட்டைச் சுத்தம் செய்து 185 பேர் என்று எழுதினால், திட்டம் சுருங்கியது போலத் தெரியும். உண்மையில் 171இலிருந்து 185க்கு வளர்ந்திருக்கும். முதல் ஆண்டில் எந்த அளவுகோலைப் பிடிக்கிறோமோ அதோடுதான் கடைசி வரை வாழ வேண்டியிருக்கும்.

ஆகவே என் முடிவு 171. பக்கத்திலேயே 214 பயிற்சி இடங்கள் என்றும் எழுத வேண்டும், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இதை அறிக்கையில் முதன்முதலாகச் சொல்லக்கூடாது. முன்மொழிவில் "200 பயனாளிகள்" என்பதற்கு என்ன வரையறை எழுதியிருக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். வரையறை இல்லையென்றால் அறிக்கை அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்பே நன்கொடை தந்த அமைப்பின் திட்ட அலுவலருக்கு ஒரு மடல்: "171 தனிநபர்கள், 214 பயிற்சி இடங்கள். மேல்நிலைப் பயிற்சிக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் திரும்பி வந்ததால் புதியவர்களுக்கு இடம் குறைந்தது. இலக்கை எந்த அடிப்படையில் காட்டுவது என்று தெரிவியுங்கள்." முன்கூட்டியே வரும் மடல் தகவலாகத் தெரியும். அதே செய்தி அறிக்கையின் நான்காம் பக்கத்தில் முதன்முதலாக வந்தால் சமாளிப்பாகத்தான் தெரியும்.

பலன்: எத்தனை பேரில் எத்தனை பேர்

இது இன்னும் வழுக்கலான இடம். 171 பேரில் பயிற்சியை முடித்தவர்கள் 112 பேர். முடித்து மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். 79 பேரிடம்தான் பேச முடிந்தது. அதில் 58 பேர் வேலையில் இருந்தார்கள்.

எண்ணத் தொடங்குமுன் ஷீட்டில் ஒன்றைச் சரி செய்ய வேண்டும். "வேலை" என்ற பத்தியில் வெறுமையான கட்டங்கள் கிடக்கும். அந்த வெறுமைக்கு வேலை இல்லை என்று பொருளா, போன் எடுக்கவில்லை என்றா, இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை என்றா, கேட்கவே மறந்துவிட்டார்கள் என்றா? ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. முடித்தவர்களின் எல்லாக் கட்டங்களிலும் `வேலையில்`, `வேலையில்லை`, `எட்டவில்லை`, `நாள்வரவில்லை` என்ற நான்கில் ஒன்று இருக்க வேண்டும், கேட்கத் தவறியவர்களை முதலில் அழைத்து முடித்துவிட வேண்டும். இனி எண்ணலாம்:

```
=COUNTIFS(F2:F172,"முடித்தார்",H2:H172,"வேலையில்")
```

இப்போது 58ஐ எதால் வகுப்பது? பேசக் கிடைத்த 79 பேரால் வகுத்தால் 73 சதவீதம். முடித்த 112 பேரால் வகுத்தால் 52. சேர்ந்த 171 பேரால் வகுத்தால் 34. எல்லாமே உண்மை. அறிக்கையில் "73 சதவீதம் பேர் வேலையில்" என்று மட்டும் எழுதி, எதில் 73 என்று சொல்லாமல் விடுவது மட்டும்தான் ஏமாற்று.

73ஐ ஆதரிப்பவர்களின் வாதம்: தெரியாதவர்களைப் பற்றி நாம் ஏன் ஊகிக்க வேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் எடுத்தவர்களை மட்டும் கணக்கில் கொள்வதும் ஓர் ஊகம்தான், எடுக்காதவர்களும் எடுத்தவர்களைப் போலவே இருப்பார்கள் என்ற ஊகம். நல்ல செய்தி உள்ளவர் போனை எடுப்பார். வேலை கிடைக்காதவர், "இன்னும் ஒண்ணும் அமையலைங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு எடுக்காமல் விடுவார். எதிர்ப்பக்கமும் நடக்கும்: வேலைக்குப் போனவர் பகலில் போனைத் தொடவே முடியாது. எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பது அலுவலக மேசையிலிருந்து தெரியாது.

52 என்பது எட்டாத 33 பேரையும் வேலையில் இல்லாதவர்களாகக் கொள்வது. இதற்குக் கீழே உண்மை போகாது என்பதால் இது தரை. 33 பேருக்கும் வேலை கிடைத்திருந்தால் 91 பேர், 81 சதவீதம், அது கூரை. தரைக்கும் கூரைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது 73 என்பதை உறுதியான எண்ணாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இடைவெளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. செலவு குறைவு, ஆனால் சிறிய அமைப்புகளில் இதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. மாரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1946இல் எழுதிய முறை. பதில் தராத எல்லோரையும் துரத்த வேண்டாம். அவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் எடுத்து, அவர்களை மட்டும் விடாமல் தேடிக் கண்டுபிடித்து, அந்த விடையைப் பதில் தராத எல்லோருக்கும் விரித்துக்கொள்ளலாம்.

33 பேரில் குலுக்கலில் மூன்றில் ஒரு பங்கு, 11 பேர். இந்த 11 பேருக்காக இரண்டு வார மாலைகளை ஒதுக்கினார்கள். மாலை ஏழு மணிக்குமேல் அழைத்தார்கள், உடன் படித்தவர்களிடம் விசாரித்தார்கள், இரண்டு பேரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். 11 பேரும் கிடைத்தார்கள், அதில் 4 பேர் வேலையில் இருந்தார்கள். அதே விகிதத்தை 33க்கு விரித்தால் 12 பேர். 58ஓடு 12 சேர்ந்து 70. 112இல் 70 என்பது 62 சதவீதத்துக்குச் சற்று மேல்.

11 பேரை வைத்துச் சொல்வதால் இதிலும் ஆட்டம் உண்டு. குலுக்கல் வேறு மாதிரி விழுந்து 2 பேர் வேலையில் இருந்திருந்தால் 57, 6 பேர் இருந்திருந்தால் 68. ஆகவே "10 பேரில் சுமார் 6 பேர்" என்று எழுதுவதே பொருத்தம், தசம புள்ளி வேண்டாம். இந்த முறையில் இரண்டு இடங்களில் சறுக்கலாம். குலுக்காமல் "சுலபமாகக் கிடைக்கும்" 11 பேரை எடுத்தால் மொத்தமும் வீண். எடுத்த 11 பேரில் 6 பேர்தான் கிடைத்தார்கள் என்றாலும் கணக்கு நிற்காது. அப்போது மதிப்பீட்டை விட்டுவிட்டுத் தரையையும் கூரையையும் மட்டும் எழுதிவிடலாம்.

171ஆல் வகுத்த 34 எங்கே பொருந்தும்? செலவைப் பற்றிப் பேசும் இடத்தில். ஒருவருக்கு வேலை கிடைக்க எவ்வளவு செலவானது என்று நன்கொடையாளர் கணக்குப் போட்டால், இடையில் நின்றவர்களுக்கான செலவும் அதில் அடங்கும். பயிற்சி பயனுள்ளதா என்ற கேள்விக்கு 112, திட்டம் முழுவதும் பயனுள்ளதா என்ற கேள்விக்கு 171. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பாமல் இருந்தால் சரி.

இன்னும் ஒரு சிறு விஷயம், பெரும்பாலும் தவறிவிடுவது. அந்த 58 பேரில் 14 பேர் சேரும்போதே ஏதோ ஒரு வேலையில் இருந்தவர்கள். சேர்க்கைப் படிவத்தில் "தற்போது வருமானம் உண்டா" என்ற கேள்வி இருந்ததால்தான் இது தெரிந்தது. புதிதாக வேலைக்குப் போனவர்கள் 44 பேர். இந்தக் கேள்வியே படிவத்தில் இல்லையென்றால், பயிற்சியால் 58 பேருக்கு வேலை கிடைத்தது என்று எழுதும் உரிமை நமக்கு இல்லை. பயிற்சிக்குப் பின் 58 பேர் வேலையில் உள்ளார்கள் என்று மட்டுமே எழுதலாம்.

அறிக்கையில் எப்படி வரும்

வட்ட வரைபடம், வண்ணப் பட்டை எதுவும் வேண்டியதில்லை. நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> இந்த ஆண்டு 171 பேர் பயிற்சியில் சேர்ந்தார்கள். இவர்களில் 43 பேர் இரண்டு பேட்சுகளில் சேர்ந்ததால் வழங்கிய பயிற்சி இடங்கள் 214. ஆரம்ப இரண்டு நாட்களுக்குள் 23 பேரும், அதன்பிறகு 36 பேரும் நின்றுவிட்டார்கள். 112 பேர் முடித்தார்கள். மூன்று மாதம் கழித்து 79 பேரிடம் பேச முடிந்தது. அவர்களில் 58 பேர் வேலையில் உள்ளார்கள், இதில் 14 பேர் முன்பே வேலையில் இருந்தவர்கள். எட்டாத 33 பேரில் 11 பேரைக் குலுக்கலில் தேர்ந்து தேடியதில் 4 பேர் வேலையில் இருந்தார்கள். இதன்படி, முடித்தவர்களில் 10க்குச் சுமார் 6 பேர் வேலையில் இருப்பதாக மதிப்பிடுகிறோம்.

ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அடுத்த எண்ணுக்குக் கழித்துக்கொண்டே போகலாம்: 171, 148, 112, 79, 58. எங்கே எத்தனை பேர் உதிர்ந்தார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும், யாரும் வந்து சரிபார்த்தாலும் இடிக்காது. மையவாரியாகப் பிரித்துக் காட்டும்போது மட்டும் ஒரு கவனம். ஏதாவது கட்டத்தில் 5க்குக் குறைவான பேர் வந்தால் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். "மாற்றுத்திறனாளி, வேலையில்லை: 1" என்று போட்டால் அந்த மையத்தில் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும்.

36 பேர் நடுவில் நின்றதைப் பற்றி நன்கொடையாளர் நிச்சயம் கேட்பார். கேட்கட்டும். வருகைப் பதிவேட்டில் அவர்கள் கடைசியாக வந்த தேதியை வரிசைப்படுத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஒரே வாரத்தில் பத்துப் பேர் நின்றிருந்தால் அந்த வாரம் என்ன நடந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பரவலாக இருந்தால் நேரமோ தூரமோ காரணமாக இருக்கலாம்.

அடுத்த பேட்சுக்கான சேர்க்கைப் படிவத்தை அச்சுக்கு அனுப்புவதற்குள் அதில் மூன்று இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்: அடையாள எண், பிறந்த ஆண்டு, அவரை எப்போதும் எட்டக்கூடிய இன்னொருவரின் தொலைபேசி எண். எட்டாத 33 பேரில் எத்தனை பேருடைய எண் வீட்டில் வேறு யாருடையதோ என்று பார்த்த பிறகு, மூன்றாவதுக்கு நான் படிவத்தில் இரண்டு வரி விடுகிறேன்.